30 நாளில் கட்டணம் திரும்புமா? ஒரு கணக்கு

கேள்வி: ஆன்லைனில் பொருள் வாங்கி மறுவிற்பனை செய்யக் கற்றுத்தரும் பயிற்சி ஒன்றில் சேர நினைக்கிறேன். கட்டணம் 30,000. என் ஒரு மாதச் சம்பளத்தைவிடக் கொஞ்சம் அதிகம். 30 நாளில் கட்டணத்தை எடுத்துவிடலாம் என்கிறார்கள்; ஒரே மாதத்தில் 5 லட்சத்துக்கு விற்றதாக ஸ்கிரீன்ஷாட்டும் காட்டினார்கள். அதே ஆட்கள் பங்கு வர்த்தகப் பயிற்சியும் இதே கட்டணத்தில் நடத்துகிறார்கள். சலுகை இன்றிரவு 12 மணியோடு முடிகிறதாம். இரண்டில் ஒன்றில் சேரலாமா?

பதில்: இன்றிரவு பணம் கட்டாதீர்கள். இந்தப் பயிற்சி மோசடி என்று நான் சொல்லவில்லை. நீங்கள் எழுதியிருப்பதை வைத்து அதை யாராலும் முடிவு செய்ய முடியாது. ஆனால் அது 30,000 பெறுமா என்பதை ஒரு தாளும் பேனாவும் இருந்தால் அரை மணி நேரத்தில் பெரும்பாலும் கண்டுபிடித்துவிடலாம். அந்த அரை மணி நேரத்தை உங்களுக்குக் கொடுக்கக்கூடாது என்பதற்காகத்தான் 12 மணிக் கெடு.

கெடுவை முதலில் சோதித்துப் பாருங்கள். அந்தப் பயிற்சியின் இணையப் பக்கத்தை வேறொருவருடைய மொபைலில் திறக்கச் சொல்லுங்கள். அங்கே சலுகை முடிய மிச்சமிருக்கும் நேரத்தைக் காட்டும் கடிகாரம் முதலிலிருந்து ஓடத் தொடங்கினால், அந்தச் சலுகை இன்றிரவு முடிகிற சலுகை இல்லை. யார் எப்போது திறந்தாலும் அவருக்காகப் புதிதாகப் பிறக்கிற சலுகை. ‘இன்னும் 7 இடங்களே உள்ளன’ என்று போட்டிருந்தால், பதிவு செய்து வைத்த வீடியோவுக்கு இருக்கை எதற்கு என்று கேட்டுப் பாருங்கள்.

நான் ஒன்பது ஆண்டுகளாக மறுவிற்பனை செய்கிறேன். தொடங்கிய காலத்தில் இப்படியொரு பயிற்சிக்கு நானும் பணம் கட்டினேன். அதில் சொல்லித்தந்தவை பொய்யல்ல. ஆன்லைன் விற்பனைத் தளத்தில் கணக்குத் தொடங்குவது, பொருளைத் தேடுவது, படம் ஏற்றுவது எல்லாம் முறையாகவே இருந்தன. இல்லாமல் போனது ஒன்றுதான்: ஒரு பொருளில் கடைசியில் கையில் என்ன நிற்கும் என்கிற கணக்கு. அதை இங்கே போட்டுக் காட்டுகிறேன். கீழே வரும் எண்களை எந்த நாட்டுப் பணமாகவும் வைத்துக்கொள்ளலாம். விகிதங்கள் பொருளுக்குப் பொருள், தளத்துக்குத் தளம் மாறும். ஆனால் எந்தெந்தச் செலவுகள் வரும் என்பது மாறாது.

ஒரு பொருளை 400-க்கு வாங்கி 1,000-க்கு விற்கிறீர்கள். வகுப்பில் இதை 600 லாபம் என்று பலகையில் எழுதுவார்கள். 100 ஆர்டர்கள் வந்ததாக வைத்துக்கொள்வோம். ஸ்கிரீன்ஷாட்டில் விற்பனை 1,00,000 என்று தெரியும். அதில் 10 பேர் பொருளைத் திருப்பி அனுப்புகிறார்கள். உடைகளில் இதைவிட அதிகமாகவே திரும்பும். ஆகவே உண்மையில் வந்த பணம் 90,000. தளத்தின் கமிஷன் 15 சதவீதம் என்றால் 13,500 போய்விடும். விற்ற 90 பொருள்களை வாங்கிய விலை 36,000. திரும்பி வந்த பத்தில் ஐந்தாவது பிரித்துக் கசங்கி, மறுபடி விற்க முடியாத நிலையில் வரும், அது 2,000. கிடங்குக்கும் டெலிவரிக்கும் ஆர்டருக்கு 150 வீதம் 15,000. திருப்பி எடுத்துவரும் கூலி 1,000. பொருளை உங்களிடம் கொண்டுவந்து சேர்த்து, பொதிந்து, ஒட்டி அனுப்ப 4,000. தேடல் பக்கத்தில் உங்கள் பொருள் கண்ணில் பட வேண்டுமே, அதற்கு விளம்பரச் செலவு 12,000. மொத்தச் செலவு 83,500. மீதி 6,500.

அதாவது ஓர் ஆர்டருக்கு 65. பலகையில் எழுதிய 600 அல்ல. இதிலும் வரி கழிக்கப்படவில்லை, உங்கள் உழைப்புக்குக் கூலி போடவில்லை.

இப்போது அந்த 5 லட்சம் ஸ்கிரீன்ஷாட்டைத் திரும்ப எடுத்துப் பாருங்கள். இதே விகிதத்தில் அந்த மாதத்தின் லாபம் 32,500. போலி என்று சொல்ல வேண்டிய அவசியமே இல்லை. உண்மையான படமாகவே இருக்கட்டும். விற்பனைப் படம் என்பது ஆர்டர் ஆன தொகையைக் காட்டும் படம். கையில் நின்ற தொகையை அது காட்டாது. அதற்கு வேறு ஆவணம் இருக்கிறது: தளம் தன் கமிஷனையும் கட்டணங்களையும் கழித்துக்கொண்டு விற்பவரின் வங்கிக் கணக்குக்கு அனுப்பிய தொகையின் அறிக்கை. அதைக்கூட யாரும் காட்டி நான் பார்த்ததில்லை. அதோடு பொருள் வாங்கிய பில்களையும் சேர்த்துப் பார்த்தால்தான் லாபம் தெரியும்.

அடுத்து ‘30 நாளில் கட்டணம் திரும்பிவிடும்’ என்கிற வாக்குறுதி. 30,000-ஐ 65-ஆல் வகுத்தால் 462 ஆர்டர்கள். பொருள் தேடும் மென்பொருளுக்கு மாதச் சந்தா 2,000 என்று வைத்தால் அதையும் எடுக்க மொத்தம் 493 ஆர்டர்கள் வேண்டும். முதல் நாளிலிருந்தே தினமும் 16, 17 ஆர்டர்கள். மதிப்புரை ஒன்றுகூட இல்லாத புதிய கடைக்கு! இன்னொன்றைக் கவனியுங்கள். 493 பொருள்களை அனுப்ப வேண்டுமென்றால் அவற்றை முதலில் வாங்கி வைத்திருக்க வேண்டும். அதற்கே ஏறத்தாழ 2 லட்சம் முதல் வேண்டும். ‘கட்டணம் 30,000 மட்டுமே’ என்று சொல்லும்போது இந்த 2 லட்சத்தை யாரும் வாயெடுத்துச் சொல்வதில்லை. சரி, தினமும் 5 ஆர்டர்கள் வருகின்றன என்று வைப்போம். புதியவருக்கு அதுவே நல்ல தொடக்கம். மாதம் 150 ஆர்டர், 9,750 லாபம், சந்தா போக 7,750. கட்டணம் திரும்பி வர நான்கு மாதங்கள் ஆகும். அதுவரை நீங்கள் சம்பளமில்லாமல் வேலை செய்கிறீர்கள்.

நான்கு மாதங்கள் என்பதே நல்ல சூழலில்தான். மேலே 12,000 என்று போட்ட விளம்பரச் செலவு, புதியவருக்கு எளிதாக 20,000 ஆகிவிடும். அப்போது 100 ஆர்டர்களுக்கு 1,500 நட்டம். விற்க விற்க நட்டம் கூடும். ஆனால் அந்த மாதத்து ஸ்கிரீன்ஷாட் மட்டும் முன்பு போலவே கம்பீரமாக இருக்கும்.

இனி நான் முக்கியமாகச் சொல்ல நினைப்பது. உங்கள் பயிற்சியில் எத்தனை பேர் சேர்கிறார்கள் என்று விசாரித்தீர்களா? ‘இதுவரை 3,000 மாணவர்கள்’ என்று பெருமையாகப் போட்டிருப்பார்கள். மற்ற படிப்புகளில் அது நம்பிக்கை தரும் செய்தி. தச்சு வேலையை 3,000 பேர் கற்றாலும் உங்கள் மேசை ஆடப்போவதில்லை. மறுவிற்பனையில் கதை வேறு. ஒரே வடிகட்டி, ஒரே மென்பொருள், ஒரே சப்ளையர் பட்டியல், ‘தேவை அதிகம், போட்டி குறைவு’ என்று தேடச் சொல்லும் ஒரே சூத்திரம். எல்லோரும் அதே மூன்று நான்கு பொருள்களில் போய் நிற்பார்கள். கடைசியாக வந்தவர் ஒரு ஆர்டராவது பிடிக்க விலையைக் குறைப்பார்.

மேலே போட்ட கணக்கில் விலையை மட்டும் மாற்றிப் பாருங்கள். 1,000-க்குப் பதில் 950. விற்ற 90 பொருள்களில் 4,500 குறைகிறது. கமிஷனில் 675 மிச்சமாகிறது. 6,500 ஆக இருந்த லாபம் 2,675 ஆகிவிடும். விலை 900 ஆனால் 1,150 நட்டம். விலையில் பத்து சதவீதம் இறங்கினால் லாபம் பத்து சதவீதமா குறைகிறது? மொத்தமும் போய், கைக்காசும் போகிறது. விளிம்பு மெலிந்த வியாபாரத்தின் குணம் இது. என் முதல் பொருள் இப்படித்தான் செத்தது. நான் போட்டபோது அதே பொருளை 4 பேர் விற்றார்கள். இரண்டு மாதத்தில் 31 பேர். அவர்களில் சிலர் என்னோடு அதே வகுப்பில் இருந்தவர்கள். குழுவில் ஒருவருக்கொருவர் வாழ்த்துச் சொல்லிக்கொண்டே ஒருவர் கழுத்தை ஒருவர் அறுத்துக்கொண்டிருந்தோம்.

ஆகவே ஒரு பயிற்சி ‘லாபம் தரும் பொருள் பட்டியல்’ தருவதாகச் சொன்னால், அதை நன்மையாக அல்ல, குறையாகக் கணக்கில் எழுதுங்கள். அந்தப் பட்டியல் உங்கள் கைக்கு வரும் நாளில் அதே பட்டியல் எத்தனை கைகளில் இருக்கிறது என்பதே அதன் விலை.

பயிற்றுநரின் பக்கத்துக் கணக்கையும் ஒரு முறை போட்டுப் பாருங்கள். 5 லட்சத்துக்கு விற்று 32,500 சம்பாதிக்க அவருக்கு 500 பொதிகள், 50 திருப்பல்கள், 2 லட்சம் முதல், வாடிக்கையாளர் புகார்கள் எல்லாம் வேண்டும். அதே 5 லட்சத்தை வகுப்பில் எடுக்க 17 பேர் சேர்ந்தால் போதும். வீடியோ ஏற்கெனவே எடுத்தாகிவிட்டது. விளம்பரச் செலவு போக மீதியெல்லாம் லாபம். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நண்பர் என்னையும் சேர்ந்து வகுப்பு நடத்தக் கூப்பிட்டார். கணக்குப் பார்த்தபோது ஒரே அணி மாணவர்களின் கட்டணமே என் ஓராண்டு வியாபார லாபத்தைத் தாண்டிவிடும் என்று தெரிந்தது. நான் போகவில்லை, அதற்குக் காரணம் என் நல்ல குணமல்ல, கேமரா முன் பேச வராது. ஆனால் அன்றுதான் எனக்கு ஒன்று புரிந்தது. வகுப்பு நடத்துகிறவர் பொய்யராக இருக்க வேண்டியதில்லை. வகுப்பே அவருடைய நல்ல வியாபாரமாக இருக்கலாம். அப்படியானால் அவர் மெய்யாகவே கைதேர்ந்தது ஆள் சேர்ப்பதில். உங்களுக்குக் கற்றுத்தருவதாகச் சொல்வது வேறொரு தொழிலை.

வர்த்தகப் பயிற்சியைப் பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். அதற்கு என் பதில் இன்னும் சுருக்கம், இன்னும் கறார்.

மறுவிற்பனையில் எத்தனை பேர் தேறுகிறார்கள் என்பதற்கு நம்பகமான எண்ணிக்கை கிடைப்பது அரிது. வர்த்தகத்தில் அப்படியல்ல. எல்லா வர்த்தகமும் பங்குச்சந்தையின் பதிவேட்டில் இருப்பதால் ஆய்வாளர்கள் எண்ணியே பார்த்துவிட்டார்கள். பிரேசிலில் 2013 முதல் 2015 வரை பங்குக் குறியீட்டு ஒப்பந்தங்களில், அன்றே வாங்கி அன்றே விற்கும் தினசரி வர்த்தகத்தைத் தொடங்கியவர்களை முழுமையாகப் பின்தொடர்ந்த ஆய்வு ஒன்று உண்டு. 300 நாள்களுக்கு மேல் விடாமல் வர்த்தகம் செய்தவர்கள் 1,551 பேர். அவர்களில் 97 சதவீதம் பேருக்கு நட்டம். அந்நாட்டின் குறைந்தபட்சக் கூலியைவிட அதிகமாகச் சம்பாதித்தவர்கள் 17 பேர். அனுபவம் கூடக் கூடத் தேறியதற்கான அடையாளத்தையும் ஆய்வாளர்கள் காணவில்லை. இந்தியாவில் பங்குச்சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபி 2023-இல் வெளியிட்ட ஆய்விலும் எஃப் அண்ட் ஓ எனப்படும் எதிர்கால, விருப்ப ஒப்பந்தங்களில் ஈடுபட்ட தனிநபர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு நட்டம். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2018 முதல், பங்கை வாங்காமலே அதன் விலை ஏறுமா இறங்குமா என்று பணம் கட்டும் விலை வேறுபாட்டு ஒப்பந்தங்களை விற்கும் தரகர்கள் தங்கள் வாடிக்கையாளர் கணக்குகளில் எத்தனை சதவீதம் பணம் இழக்கின்றன என்பதைத் தங்கள் பக்கத்திலேயே போட வேண்டும். அந்த விதியைக் கொண்டுவந்தபோது ஒழுங்குமுறை அமைப்பு கண்ட அளவு 74 முதல் 89 சதவீதம்.

இந்த எண்களைக் காட்டினால் பயிற்றுநர் சொல்லும் பதில் எனக்குத் தெரியும்: ‘அவர்கள் எல்லாம் கற்காமல் இறங்கியவர்கள்.’ நல்ல பதில்தான். அப்படியானால் கற்றவர்களின் எண்ணிக்கையைக் காட்டுவது அவருக்கு மிக எளிது. அவரிடம் மாணவர் பட்டியல் இருக்கிறது. சென்ற ஆண்டு சேர்ந்தவர்களில் எத்தனை பேர் இன்னும் வர்த்தகம் செய்கிறார்கள், அவர்களில் எத்தனை பேருக்கு ஆண்டு முழுவதுக்கும் லாபம் என்று எண்ணிச் சொல்லலாம். மூன்று பேரின் மகிழ்ச்சி வீடியோவைக் கொடுப்பதற்குப் பதில் 300 பேரின் எண்ணிக்கையைக் கொடுக்கட்டும். பிரேசில் ஆய்விலும் 17 பேர் இருந்தார்கள் அல்லவா? அந்த 17 பேரை மட்டும் வரிசையாகப் பேட்டி எடுத்துப் போட்டால் அது எவ்வளவு நம்பும்படியான விளம்பரமாக இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

லாபம் காட்டும் படங்களுக்கும் இதே நியாயம்தான். லாபம் வந்த நாளின் படத்தை மட்டும் போடலாம். இரண்டு கணக்குகளில் எதிரெதிராகப் பந்தயம் கட்டி, ஜெயித்த கணக்கை மட்டும் காட்டலாம். டெமோ கணக்கில் பொய்ப் பணத்தில் விளையாடலாம். 2023 அக்டோபரில் செபி பிறப்பித்த இடைக்கால உத்தரவு ஒன்று இதற்கு நல்ல சாட்சி. சமூக ஊடகங்களில் பெரும் லாபம் காட்டி வர்த்தக வகுப்புகள் விற்ற ஒருவர், 2021 ஜனவரி முதல் 2023 ஜூலை வரை தன் சொந்த வர்த்தகத்தில் சுமார் 2.89 கோடி ரூபாய் நிகர நட்டம் அடைந்திருந்தார் என்று அதில் இருக்கிறது. பயிற்சிகள் வழியாக ஈட்டிய 17 கோடிக்கும் மேற்பட்ட தொகையை முடக்க உத்தரவிடப்பட்டது. சந்தையில் விட்டதை வகுப்பில் பல மடங்காக எடுத்திருக்கிறார்.

ஆகவே வர்த்தகப் பயிற்சியில் கேட்க வேண்டியவை இரண்டே இரண்டு: அவர் பெயரிலுள்ள எல்லாக் கணக்குகளுக்கும் சேர்த்து, தரகு நிறுவனம் தந்த முழு ஆண்டின் லாப நட்ட அறிக்கை, அத்துடன் அதே ஆண்டு வருமான வரிக்குக் காட்டிய எண். இரண்டும் பொருந்த வேண்டும். வரி அதிகாரிக்கு யாரும் லாபத்தைப் பெருக்கிக் காட்டுவதில்லை. தனிப்பட்ட விவரம், காட்ட மாட்டேன் என்று அவர் சொல்லலாம், அது அவர் உரிமை. ஆனால் வருமானத்தைச் சொல்லித்தான் வகுப்பை விற்கிறார் என்றால், அந்த வருமானத்தை மெய்ப்பிக்கும் சுமையும் அவருடையதுதான்.

இன்னொரு கேள்வியையும் கேளுங்கள்: எந்தத் தரகரிடம் கணக்குத் தொடங்கச் சொல்கிறார்கள், யாருடைய இணைப்பு வழியாக? நீங்கள் அவர் கொடுத்த இணைப்பில் சேர்ந்தால், நீங்கள் கட்டும் தரகில் ஒரு பங்கு அவருக்குப் போகும் ஏற்பாடு பரவலாக உண்டு. சில இடங்களில் நீங்கள் இழக்கும் தொகையில்கூடப் பங்கு. நாளுக்கு ஒரு முறை வர்த்தகம் செய்யும் மாணவரைவிட இருபது முறை செய்யும் மாணவர் அவருக்கு நல்ல மாணவர். ‘நேரலையில் சேர்ந்து வர்த்தகம் செய்வோம்’ என்கிற அன்பு எங்கிருந்து வருகிறது என்று பல நேரங்களில் இதிலிருந்து புரியும்.

எல்லாம் உண்மையாகவே இருக்கட்டும். அவர் கெட்டிக்காரர், நீங்களும் கற்றுக்கொண்டுவிட்டீர்கள். உங்களிடம் 1 லட்சம் இருக்கிறது என்று வைப்போம். அதில் 30,000 கட்டணமாகப் போனால் மீதி 70,000. பழைய 1 லட்சத்தைத் தொடவே 43 சதவீத லாபம் வேண்டும். மாதத்துக்கு 2 சதவீதம் நிகரமாக, விடாமல் எடுப்பதாக வையுங்கள். கூட்டு வட்டிக் கணக்கில் ஆண்டுக்கு 27 சதவீதம் வரும், அது அசாதாரணமான திறமை. 70,000-இல் 2 சதவீதம் மாதம் 1,400. சம்பளத்துக்கு ஈடாக எடுக்க முடியாது. கட்டணத்தைத் திருப்பி எடுக்கவே ஒன்றரை ஆண்டு ஆகும். சிறு முதலில் மாத வருமானம் வேண்டுமென்றால் கடன் வாங்கிப் பெருக்கி ஆட வேண்டும். அப்படி ஆடினால் இரண்டு மூன்று தவறுகளில் முதலே போய்விடும். இந்தக் கணக்கில் பயிற்சியின் தரத்துக்கு வேலையே இல்லை. இதனால்தான் வர்த்தகப் பயிற்சிக்கு என் பதில் வேண்டாம். எவ்வளவு நல்ல பயிற்சியானாலும் உங்கள் முதலில் அது கட்டுப்படியாகாது.

மறுவிற்பனைப் பயிற்சிக்கு அவ்வளவு உறுதியாக வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். காசு கொடுத்துக் கற்கத் தகுந்தவை அதில் உண்டு. இறக்குமதியில் சுங்க வகைப்பாடு எப்படிச் செய்வது, வரிப் பதிவும் கணக்கும் எப்படி வைப்பது, சப்ளையரிடம் மாதிரி வாங்கித் தரம் பார்ப்பது எப்படி, விளம்பரச் செலவை ஆர்டர்வாரியாகப் பிரித்து அளப்பது எப்படி. ஒரு பிழைக்கு ஒரு பெட்டிச் சரக்கே துறைமுகத்தில் நின்றுவிடக்கூடிய விஷயங்கள் இவை. இவற்றைச் சொல்லித்தரும் வகுப்புகள் சலிப்பூட்டுபவையாக இருக்கும். கட்டணம் குறைவாக இருக்கும். வருமானத்தைப் பற்றிப் பேச்சே இருக்காது. சிவப்பு எழுத்தில் கடிகாரமும் ஓடாது. கணக்குத் தொடங்குவது, பொருளை ஏற்றுவது போன்ற அடிப்படைகளைப் பெரிய விற்பனைத் தளங்கள் தாங்களே இலவசமாகக் கற்றுத்தருகின்றன. விற்பவர்கள் பெருகினால் கமிஷன் அவர்களுக்கு. நீங்கள் சேர நினைக்கும் பயிற்சியின் பாடப்பட்டியலை அந்த இலவசப் பாடங்களோடு பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இலவசத்தில் இருப்பவற்றை அடித்துவிட்டால் மீதி என்ன இருக்கிறதோ, அதற்குத்தான் 30,000.

என் யோசனை இது. 30,000-இல் 6,000-ஐ மட்டும் எடுங்கள். அதில் ஒரே பொருளில் 10 எண்ணிக்கை வாங்கி, மீதியை விளம்பரத்துக்கும் அனுப்பும் செலவுக்கும் வைத்துக்கொண்டு விற்றுப் பாருங்கள். நட்டம் வந்தாலும் கவலையில்லை. பத்தும் விற்று முடியும்போது ஓர் ஆர்டருக்கு உங்கள் கையில் என்ன நின்றது என்கிற எண் கிடைக்கும். கமிஷன், திருப்பல், விளம்பரம் எல்லாம் உங்கள் சொந்தக் கணக்கில் எழுதப்பட்டிருக்கும். பத்து ஆர்டர் மிகச் சிறிய மாதிரிதான். திருப்பல் விகிதத்தையோ விளம்பர விகிதத்தையோ அதிலிருந்து உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் எந்த இடத்தில் நீங்கள் தடுமாறினீர்கள் என்பது தெளிவாகத் தெரிந்துவிடும். பிறகு அந்த இடத்தைச் சொல்லித்தரும் பயிற்சியைத் தேடுங்கள். அப்போது ‘சேரலாமா’ என்று கேட்க மாட்டீர்கள். ‘ஓர் ஆர்டருக்கு 40 நிற்கிறது, இந்தப் பாடம் அதை 60 ஆக்கினால் எத்தனை ஆர்டரில் கட்டணம் தேறும்’ என்று உங்களாலேயே கேட்டுக்கொள்ள முடியும்.

அப்படியும் இந்தப் பயிற்சியில்தான் சேர்வேன் என்றால், கட்டுவதற்கு முன் திரும்பப் பெறும் விதியைக் கடைசி எழுத்துவரை படியுங்கள். ‘100 சதவீதப் பண உத்தரவாதம்’ என்று மேலே இருக்கும். கீழே போனால், எல்லா வீடியோவையும் பார்த்திருக்க வேண்டும், எல்லா வீட்டுப்பாடத்தையும் சமர்ப்பித்திருக்க வேண்டும், 20 பொருள்களாவது ஏற்றியிருக்க வேண்டும், இவ்வளவு தொகை விளம்பரத்துக்குச் செலவழித்ததற்கு ஆதாரம் காட்ட வேண்டும் என்று இருக்கும். அதாவது 30,000-ஐத் திரும்பக் கேட்கும் தகுதி பெற இன்னொரு 50,000-ஐ இழந்திருக்க வேண்டும். பல பயிற்சிகளில் பாதிப் பாடம் முடிந்தபின் உண்மையான ரகசியம் தனி வழிகாட்டல் திட்டத்தில் இருப்பதாகச் சொல்வார்கள். அதன் கட்டணம் முதல் கட்டணத்தைப் போல நான்கைந்து மடங்கு. அப்படி மேல்படி உண்டா, அதன் விலை என்ன என்று இப்போதே கேளுங்கள். பணத்தைக் கிரெடிட் கார்டில் கட்டுங்கள். சொன்னது கிடைக்காவிட்டால் வங்கியிடம் முறையிட வழி இருக்கும். தனிநபர் கணக்குக்கு நேரடியாக அனுப்பச் சொன்னாலோ, கிரிப்டோவில் கேட்டாலோ, பேச்சை அங்கேயே நிறுத்துங்கள். கடன் வாங்கிக் கட்டச் சொல்கிறவரிடமும் அப்படியே.

இன்றிரவு செய்ய வேண்டியது ஒன்று உண்டு. அவர்களுக்கு எழுத்தில் ஒரு செய்தி அனுப்புங்கள். தொலைபேசியில் வேண்டாம், தொலைபேசியில் பேசுகிறவர்கள் அதற்கென்றே பயிற்சி பெற்றவர்கள். மூன்று கேள்விகள் போதும். ஸ்கிரீன்ஷாட்டில் உள்ள அந்த 5 லட்சத்தில், எல்லாச் செலவும் திருப்பலும் போக நின்றது எவ்வளவு? சென்ற ஆண்டு சேர்ந்தவர்கள் எத்தனை பேர், அவர்களில் கட்டணத்தைத் திரும்ப எடுத்தவர்கள் எத்தனை பேர், அதை எப்படி எண்ணினீர்கள்? நான் நாளை மறுநாள் சேர்ந்தால் கட்டணம் எவ்வளவு? மூன்றாவது கேள்விக்குத்தான் முதலில் பதில் வரும் என்பது என் அனுபவம். ‘உங்களுக்காக மட்டும் நாளைவரை நீட்டித்திருக்கிறோம்’ என்று வந்தால், 12 மணிக் கெடு என்னவாக இருந்தது என்பது உங்களுக்குத் தெரிந்துவிடும். முதல் இரண்டுக்கும் எண்களோடு பதில் வந்தால் இங்கே எழுதுங்கள், சேர்ந்து கணக்குப் போட்டுப் பார்ப்போம்.